மேலாளரை சிசியில் சேர்ப்பதா, தனியாக எழுதுவதா?

ஜூரோங்கில் ஒரு கிடங்கின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சரக்கு வந்து இறங்கிவிட்டது. சக ஊழியர் அதைக் கணினியில் இன்னும் பதியவில்லை. பதியாமல் பில்லுக்குப் பணம் போகாது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் அடுத்த லோடு கிடையாது என்கிறார் சப்ளையர். நான் மின்னஞ்சலில் மூன்று முறை கேட்டாகிவிட்டது.

அதே மின்னஞ்சல் தொடரில் மேலாளரை சிசியில் சேர்ப்பது ஒரு வழி. நிமிட வேலை, பழைய கடிதங்களும் கூடவே போகும். தொல்லையும் அதுதான். மேலாளர் கண்ணில் முதலில் படுவது "மூன்றாவது நினைவூட்டல்" என்ற வரி. பிரச்சினை பில்லிலிருந்து ஆளுக்குத் தாவிவிடும். முன்பு ஒருமுறை இப்படிச் செய்து, ஒரு வாரம் எதிர் மேசையிலிருந்து பேச்சே இல்லை!

இன்னொன்று, சக ஊழியரிடம் சொல்லிவிட்டு மேலாளருக்குப் புதிதாக எழுதுவது. "அண்ணே, வெள்ளிக்கிழமை கெடு. பாஸிடம் கேட்கப் போகிறேன், உங்கள் பக்கம் ஏதாவது தடை இருந்தால் அதையும் சேர்க்கிறேன்" என்றேன். அப்போதுதான் தெரிந்தது: டெலிவரி ஆர்டரில் 48 பெட்டி, வந்தது 46. குறைத்துப் பதிய அவருக்கு அனுமதி இல்லை.

நான் எழுதியது இவ்வளவுதான்: "12ஆம் தேதி வந்த சரக்கு பதிவாகவில்லை, 2 பெட்டி குறைவு. 46க்குப் பதிய உங்கள் ஒப்புதல் தேவை. வியாழன் மதியத்துக்குள் கிடைத்தால் வெள்ளியன்று பணம் போகும்." வாக்கியங்களில் சரக்கு இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

சக ஊழியர் போனையே எடுக்காமல், கெடுவுக்குச் சில மணி நேரமே இருந்தால் மட்டும் சிசிக்குப் போவேன்.