காலிக் கட்டம் பூஜ்ஜியமாக மாறும் இடங்கள்: எட்டு வருட எக்செல் அனுபவம்

எட்டு வருடமாக வாராவாரம் ஒரே மாதிரியான எக்செல் ஷீட் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். ஆறு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அந்த வாரம் வந்த புகார்கள் எத்தனை, முடித்துக்கொடுத்தவை எத்தனை, முடித்த சதவீதம் எவ்வளவு, கீழே மொத்தச் சராசரி. கணக்கு என்று பார்த்தால் ஒரு வகுத்தல்தான். ஆனால் இந்த எட்டு வருடத்தில் நான் தப்பாகக் கொடுத்த எண்கள் அநேகமாக எல்லாமே காலிக் கட்டத்தால் வந்தவை. ஃபார்முலாவை நான் தப்பாகப் போட்டதால் வந்த பிழை ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்.

ஒரு வாரத்து ஷீட்டை அப்படியே எடுத்துக்கொள்வோம். B-யில் வந்தவை, C-யில் முடித்தவை.

| வரி | குழு | B: வந்தவை | C: முடித்தவை | D: சதவீதம் |
|---|---|---|---|---|
| 2 | அ | 40 | 30 | 75% |
| 3 | ஆ | 20 | 18 | 90% |
| 4 | இ | 10 | 4 | 40% |
| 5 | ஈ | 0 | 0 | #DIV/0! |
| 6 | உ | | | #DIV/0! |
| 7 | ஊ | 50 | 45 | 90% |

ஈ குழுவுக்கு அந்த வாரம் புகாரே வரவில்லை. உ குழு இன்னும் தகவல் அனுப்பவில்லை. இரண்டும் வேறு வேறு சங்கதி, ஆனால் D-யில் இரண்டுக்கும் ஒரே பிழைதான் தெரிகிறது, ஏனென்றால் வகுக்கும்போது எக்செல் காலிக் கட்டத்தை 0 என்றே எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டு பிழைகளும் கீழே உள்ள AVERAGE வரை போய் அதையும் #DIV/0! ஆக்கிவிடும்.

முதல் இரண்டு வருடம் நான் இதற்குப் போட்ட வைத்தியம் எல்லோரும் போடுவதுதான்:

```
=IFERROR(C2/B2,0)
```

பிழை போய்விட்டது, ஷீட் பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆனால் சராசரி? 75, 90, 40, 0, 0, 90 ஆகியவற்றைக் கூட்டி ஆறால் வகுத்தால் 49 சதவீதம். புகாரே வராத குழுவும் தகவல் தராத குழுவும் ஒன்றையும் முடிக்காத குழுக்களாகக் கணக்கில் ஏறிவிட்டன. அந்த 0-வுக்குப் பதில் "" போட்டால் AVERAGE அந்த இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு நான்கால் வகுக்கும், 74 வரும். எல்லாப் புகாரையும் சேர்த்து 97-ஐ 120-ஆல் வகுத்தால் 81. ஒரே ஷீட்டில் 49, 74, 81 என்று மூன்று விடைகள். 49 அப்பட்டமான தப்பு. மற்ற இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள்: 74 என்பது குழுக்களின் சராசரி, அதில் பத்துப் புகார் வந்த குழுவுக்கும் ஐம்பது வந்த குழுவுக்கும் ஒரே எடை. புகார் கொடுத்தவர்கள் பக்கம் நின்று கேட்டால் 81-தான் பதில். எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

IFERROR மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அது #DIV/0!-ஐ மட்டும் மறைக்காது, எல்லாப் பிழையையும் மறைக்கும். ஒரு முறை ஒருவர் தேவையில்லை என்று நினைத்து ஒரு நெடுவரிசையை அழித்துவிட்டார். #REF! என்று கத்தியிருக்க வேண்டிய ஃபார்முலா எல்லா வரியிலும் 0% என்று அமைதியாகக் காட்டியது. வகுக்கும் எண்ணை நேரடியாகச் சோதிப்பதே நல்லது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இதுவரை சொன்னதாவது பிழைச் செய்தி காட்டி நம்மை எச்சரிக்கும் வகை. என்னை அதிகம் ஏமாற்றியது சத்தமே போடாத வகை. வகுக்கும் எண் காலியாகவோ 0 ஆகவோ இருந்தால்தான் #DIV/0! வரும். மேலே இருக்கும் எண் காலியாக இருந்தால்? மேற்படி ஷீட்டில் ஊ குழு 50 என்று B-யில் போட்டுவிட்டு C-யை அப்புறம் நிரப்பலாம் என்று விட்டிருந்தால், காலியை ஐம்பதால் வகுத்து எக்செல் 0% என்று காட்டும். பிழை இல்லை, பச்சை முக்கோணம்கூடப் பெரும்பாலும் கண்ணில் படாது. குழுக்களின் சராசரி 74-லிருந்து 51-க்கு இறங்கும். மொத்தமாக வகுத்தாலும் தப்பிக்க முடியாது, 52-ஐ 120-ஆல் வகுத்து 43 என்று வரும், ஏனென்றால் ஊ-வின் 50 கீழே சேர்ந்துவிட்டது, அதற்கு ஈடான எண் மேலே இல்லை. 81 இருந்த இடத்தில் 43. எனக்கு இது நடந்தபோது ஊ குழுவின் பொறுப்பாளர் போன் செய்து, "நாங்க நாப்பத்தஞ்சு முடிச்சிருக்கோமே சார், சைபர்னு போட்டிருக்கீங்களே" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு D-யில் நான் போடுவது இது:

```
=IF(COUNT(B2:C2)<2,"தகவல் இல்லை",IF(B2=0,"புகார் இல்லை",C2/B2))
```

COUNT எண்களை மட்டும் எண்ணும். B, C இரண்டிலும் எண் இருந்தால்தான் 2 வரும், இல்லையென்றால் கணக்கே போடாது. ISBLANK போட்டுப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. சிலர் எண்ணை அழிப்பதற்கு டெலீட் அழுத்தாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிடுவார்கள். கட்டம் பார்க்கக் காலி, ஆனால் உள்ளே ஓர் இடைவெளி உட்கார்ந்திருக்கும். ISBLANK அதைக் காலி இல்லை என்று சொல்லும், வகுத்தால் #VALUE! வரும். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் =LEN(C7) போட்டுப் பாருங்கள், 0 வரவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. COUNT-க்கு இந்தத் தொல்லை இல்லை, எண் இல்லையென்றால் எண்ணாது, அவ்வளவுதான்.

D-யில் "தகவல் இல்லை" என்று எழுத்து இருந்தால் சராசரி கெடுமோ என்று பயப்பட வேண்டாம். AVERAGE(D2:D7) என்று வீச்சாகக் கொடுக்கும்போது எழுத்துள்ள கட்டங்களை அது தொடாது. AVERAGEA என்று ஒன்று இருக்கிறது, அது எழுத்தை 0 ஆக எண்ணும், அதன் பக்கம் போகாதீர்கள். D2+D3 என்று நேராகக் கூட்டினாலும் #VALUE!தான்.

மொத்தச் சதவீதத்துக்கு:

```
=SUMIFS(C2:C7,D2:D7,">=0")/SUMIFS(B2:B7,D2:D7,">=0")
```

D-யில் உண்மையான சதவீதம் வந்த வரிகள் மட்டுமே மேலேயும் கீழேயும் சேரும். ஊ-வின் C காலியாக இருந்த அந்த வாரத்தில் இது 52-ஐ 70-ஆல் வகுத்து 74 என்று கொடுக்கும். 43-ஐவிட நேர்மையான எண். வாரத் தொடக்கத்தில் ஒரு குழுகூட அனுப்பாத நேரத்தில் இதுவும் #DIV/0! காட்டும், அதை நான் அப்படியே விட்டுவிடுகிறேன். ஒன்றுமே வராதபோது சொல்ல ஒரு சதவீதமும் இல்லை.

சரி, ஷீட்டுக்குள் திருத்தியாகிவிட்டது. அடுத்த அடி வேறு ஷீட்டிலிருந்து வந்தது. குழுக்கள் தனித்தனி ஷீட்டில் நிரப்பி, தொகுப்பு ஷீட்டில் ='உ'!B2 என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு காலிக் கட்டத்தைச் சுட்டினால் எக்செல் காலியைத் தராது, 0 தரும். VLOOKUP, XLOOKUP கண்டுபிடித்த கட்டம் காலியாக இருந்தாலும் அதே 0. ஆக, தகவல் அனுப்பாத உ குழு என் தொகுப்பில் "புகார் இல்லை" என்று வந்தது. COUNT சோதனையையும் தாண்டி வந்தது, ஏனென்றால் இப்போது அது நிஜமான எண் 0. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் ஆனது, காரணம் File > Options > Advanced-இல் Show a zero in cells that have zero value என்ற தேர்வை அழகுக்காக நானே எடுத்து வைத்திருந்தேன். கண்ணுக்குக் காலி, கணக்குக்கு 0. இப்போது அந்தத் தேர்வைத் தொடுவதில்லை, இழுக்கும் இடத்தில் இப்படிப் போடுகிறேன்:

```
=IF('உ'!B2="","",'உ'!B2)
```

கூகுள் ஷீட்ஸிலும் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. அங்கே =IF(B2="",,C2/B2) என்று நடு இடத்தைச் சும்மா விட்டால் நிஜமாகவே காலிக் கட்டம் கிடைக்கும், மிக வசதி. அதே ஃபார்முலாவை எக்செல்லில் போட்டால் 0 வரும். பழக்கதோஷத்தில் மாற்றி எழுதி, சராசரி இறங்கியதைப் பார்த்துத்தான் உணர்ந்தேன்.

இப்போது மொத்தச் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் வைத்திருக்கிறேன்:

```
=COUNT(D2:D7)&" / "&ROWS(D2:D7)
```

மேலே பார்த்த வாரத்தில் இது 4 / 6 என்று காட்டும், 81-க்குப் பக்கத்தில். இந்த ஒரு கட்டம் வந்த பிறகு யாரும் சதவீதத்தைத் தனியாக வாசிப்பதில்லை, "மீதி ரெண்டு எங்கே?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி, ஏனென்றால் காலியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடும்போது, வராத குழுவும் வந்த குழுக்களைப் போலத்தான் இருக்கும் என்று நாம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அது பல நேரம் உண்மை இல்லை. அந்த வாரம் உ குழுவின் தகவல் மூன்று நாள் கழித்து வந்தது: வந்தவை 30, முடித்தவை 12. 81 இருந்த இடத்தில் 109-ஐ 150-ஆல் வகுத்து 73 வந்தது, பக்கத்தில் 5 / 6. வேலை தேங்கிய வாரங்களில்தான் அந்தக் குழு தாமதமாக அனுப்புகிறது என்பதைப் பழைய ஷீட்டுகளைத் திரும்பப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் 6 / 6 ஆகாத வாரங்களில் அந்த எண்ணுக்கு முன்னால் "தற்காலிகம்" என்று எழுதித்தான் அனுப்புகிறேன். ஈ குழுவைப் போலப் புகாரே வராத குழு இருந்தால், அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அந்த வார்த்தையை எடுத்துவிடுகிறேன்.