டைட்டர் அளவீடுகளுக்கு நம்பிக்கை இடைவெளி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

அமில மாதிரிகளின் வலிமையைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கொண்டு டைட்ரேஷன் செய்து கண்டறிவது என் அன்றாட வேலை. ஒவ்வொரு முறையும் செலவாகும் கரைசலின் கனஅளவே டைட்டர். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு முடிவையும் சராசரி, திட்டவிலக்கம், 95% நம்பிக்கை இடைவெளி ஆகிய மூன்றோடும் எழுதி வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் அந்த இடைவெளியைத் தவறாகவே கணக்கிட்டு வந்தேன் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது ஒரு மாதிரிக்கு மூன்று அளவீடுகள் எடுப்போம். ஒருநாள் கிடைத்தவை 24.62, 24.58, 24.66 மி.லி. சராசரி 24.62. விரிதாள் தந்த இடைவெளி ±0.04 மி.லி. மூன்று அளவீடுகளுக்கு இவ்வளவு குறுகலான இடைவெளி கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். ஆனால் அதே மாதிரியைச் சக பகுப்பாய்வாளர் மீண்டும் செய்யும்போதெல்லாம் அவருடைய சராசரி என் இடைவெளிக்கு வெளியே அடிக்கடி விழுந்தது. மறுசோதனைக்கும் தனக்கேயுரிய சிதறல் உண்டு என்பதால் எப்போதாவது அப்படி நேர்வது இயல்புதான். இது அந்த அளவைத் தாண்டியிருந்தது. இருவரின் கைப்பழக்கத்தையும் வெகுநாள் சந்தேகித்த பிறகே விரிதாளின் வாய்பாட்டைத் திறந்து பார்த்தேன்.

அதில் இரண்டு பிழைகள் இருந்தன. திட்டவிலக்கத்துக்கு STDEV.P பயன்படுத்தப்பட்டிருந்தது; அது சராசரியிலிருந்து உள்ள விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை n−1 ஆல் வகுக்காமல் n ஆல் வகுக்கிறது. கையில் உள்ள மூன்று எண்களே முழுத் தொகுதி என்றால் அது சரி. நம் மூன்று அளவீடுகளோ எடுத்திருக்கக்கூடிய எண்ணற்ற அளவீடுகளின் சிறு கூறு மட்டுமே. அடுத்து, இடைவெளிக்கு CONFIDENCE.NORM இருந்தது, அது 1.96 என்ற பெருக்கியைக் கொண்டது. திட்டவிலக்கத்தையே மூன்று எண்களிலிருந்து ஊகிக்கும்போது, அந்த ஊகத்தின் நிச்சயமின்மையையும் சேர்த்துக்கொள்ள t மதிப்பு தேவை. மூன்று அளவீடுகளுக்கு அது 4.303. திருத்திய வாய்பாடு இது:

```
=STDEV.S(B2:B4)
=CONFIDENCE.T(0.05, STDEV.S(B2:B4), COUNT(B2:B4))
```

அதே எண்களுக்குத் திட்டவிலக்கம் 0.04 ஆகவும், இடைவெளி ±0.10 மி.லி. ஆகவும் வந்தது. நான் அதுவரை அறிவித்து வந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். பழைய பதிவேடுகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்ததில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

அதன் பின் ஐந்து அளவீடுகளுக்கு மாறினோம். மேற்கண்ட மூன்றோடு 24.60, 24.64 ஆகிய இரண்டும் சேர்ந்தால் சராசரி மாறாது, திட்டவிலக்கம் 0.032 ஆகிறது, t மதிப்பு 2.776 ஆகக் குறைகிறது, இடைவெளி ±0.04 மி.லி. ஆகச் சுருங்குகிறது. இப்போது அந்த ±0.04 உழைத்துப் பெற்றது. இரண்டு கூடுதல் டைட்ரேஷனுக்குச் செலவாகும் நேரம் எனக்கு ஒருபோதும் வீணாகத் தோன்றியதில்லை. ஆறாவது, ஏழாவது அளவீட்டின் பயன் இவ்வளவு இராது. பெருந்தாவல் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போவதில்தான் இருக்கிறது.

ஒரு பழக்கத்தை மட்டும் விடாப்பிடியாக எதிர்த்து வருகிறேன். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் கன்கார்டன்ட் மதிப்பு கிடைக்கும்வரை டைட்ரேஷனைத் தொடர்ந்து செய்து, ஒத்துவருபவற்றை மட்டும் எழுதக் கற்றுக்கொள்கிறோம். பயிற்சிக்கு அது உதவலாம். ஆனால் அப்படிப் பொறுக்கியெடுத்த எண்களுக்குத் திட்டவிலக்கம் கணக்கிட்டால், வெளிப்படுவது நம் பொறுக்கும் விதியே தவிர அளவீட்டின் சிதறல் அன்று. தோராய அளவீட்டையும், முடிவுநிலை தாண்டி அடர் இளஞ்சிவப்பாகிவிட்டதைப் போலக் காரணம் தெரிந்த பிழைகளையும் மட்டுமே, காரணத்தை எழுதிவிட்டு நீக்குகிறேன்.

இடைவெளிக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. 50 மி.லி. A வகுப்பு ப்யூரெட்டின் அனுமதிப் பிழையே ±0.05 மி.லி.; ஒரே ப்யூரெட்டில் ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் அந்தப் பிழை எல்லா அளவீட்டிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், திட்டவிலக்கத்தில் துளியும் தெரியாது. ஆகவே ±0.04 என்பதை, மீண்டும் மீண்டும் எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவாக மட்டுமே அறிக்கையில் குறிப்பிடுகிறேன். மொத்த நிச்சயமின்மையைத் தனியே கணக்கிடுகிறேன்.

அளவீடுகள் வந்த வரிசையும் இடைவெளிக்குத் தெரியாது. ஒருமுறை அதே ஐந்து எண்கள் 24.58, 24.60, 24.62, 24.64, 24.66 என்று ஏறுமுகமாக வந்தன. சராசரி, திட்டவிலக்கம், இடைவெளி மூன்றும் முன்போலவே நின்றன. காலவரிசையில் புள்ளிகளைக் குறித்தபோதுதான் படிப்படியான ஏற்றம் கண்ணில் பட்டது. காரக் கரைசல் பாட்டில் மூடாமல் இருந்தது. காற்றின் கார்பன் டைஆக்சைடு காரத்தின் ஒரு பகுதியைக் கார்பனேட்டாக மாற்றிவிட்டால், பினாப்தலீன் முடிவுநிலையில் அதன் பாதி வலிமையே பயன்படும். எனவே டைட்டர் கூடிக்கொண்டே போகும். அன்றைய ஐந்து அளவீடுகளையும் ஒதுக்கிவிட்டு, புதிய கரைசலைத் தயாரித்து, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டைக் கொண்டு அதன் செறிவை நிர்ணயித்து, மாதிரியை முதலிலிருந்து செய்தேன்.