எரு போடப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு: மூன்று புத்தகங்கள், குமரி மண்ணில்

வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தக்கலைப் பக்கம், செம்மண். நான்கைந்து தென்னை, ஒரு வரிசை வாழை, ஓரமாய் மரச்சீனி என்கிற மரவள்ளி. பக்கத்து வீட்டில் மாடு இருப்பதால் சாணி கிடைக்கும். இந்த நிலத்தை நம்பி மண்வளத்தைப் பற்றிப் படிக்க உட்காருகிறவர் கையில் மூன்று பெயர்கள் வந்து சேரும்: ஆல்பர்ட் ஹோவர்டு 1940-ல் எழுதிய ‘ஆன் அக்ரிகல்சுரல் டெஸ்டமென்ட்’, தமிழிலும் கிடைக்கிற ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’, 1974-ல் முதலில் வந்து பல பதிப்பு கண்ட ஜான் ஜீவன்ஸின் வீட்டுத்தோட்டப் புத்தகம். மூன்றும் நல்ல புத்தகங்கள்தான். ஆனால் எதையுமே குமரி மாவட்டத்தை மனதில் வைத்து எழுதவில்லை. அதனால் இரண்டு விஷயங்களை வைத்து இவற்றை உரசிப் பார்க்கலாம். ஒன்று, ஆண்டுக்கு இரண்டு பருவம் கொட்டுகிற மழை. இன்னொன்று, தென்னைக் குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு.

வண்டை ஏன் இழுக்கிறேன் என்று தோன்றலாம். அது முட்டை போடுவதே மக்கிக்கொண்டிருக்கும் எருக்குழியிலும் இற்றுப்போன தென்னந்தடியிலும்தான். தென்னை உள்ள வீட்டில் யாரும் கிளறாத எருக்குழி இருந்தால், அது வண்டுப் பண்ணை. எரு போடச் சொல்லும் புத்தகம் கிளறச் சொல்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை சொல்கிறது என்பது நமக்குத் தலைபோகிற கேள்வி.

முதலில் ஹோவர்டு. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது அவர் வகுத்த முறைக்கு இந்தூர் முறை என்றே பெயர். இந்தியாவில் மாட்டுச்சாணிக்கும் பருவமழைக்கும் நடுவே இருந்து எழுதியவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். தாவரக் கழிவு மூன்று நான்கு பங்குக்குச் சாணியும் தொழுவக் கழிவும் ஒரு பங்கு. மாட்டு மூத்திரம் ஊறிய தொழுவ மண்ணும் மரச்சாம்பலும் தூவி அடுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் முதல் கிளறல், ஐந்தாவது வாரத்தில் இரண்டாவது, மூன்று மாதத்தில் எரு. கோடையில் குழி, மழைக்காலத்தில் குழி வேண்டாம், தரைமேல் குவியல் போடு என்று அவரே பிரித்துச் சொல்லிவிடுகிறார். இந்த ஒரு வரிக்காகவே இந்தப் புத்தகத்தை முதலிடத்தில் வைப்பேன். குலசேகரம் பக்கம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் குழியில் எரு போட்டவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் தேங்கி, காற்று போக வழியில்லாமல், கறுப்பாய்க் கொழகொழவென்று முட்டை நாற்றம் அடிக்கும். அதற்குப் பெயர் அழுகல்.

நம் பத்து சென்ட்டுக்கு இதை எப்படி இறக்குவது? சின்ன மேடான இடம், மேலே ஓலைக்கூரை. அடியில் காற்றுக்காகத் தென்னை மட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். வாழைத்தண்டில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதை அப்படியே போடக் கூடாது. சிறு துண்டாய் நறுக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வாடவிட வேண்டும். வாழைச்சருகு, நறுக்கிய தண்டு, களை, கிளைரிசிடியா தழை எல்லாம் கலந்து மூன்று கடவம், அதாவது மூன்று பெரிய கூடை, அதன்மேல் சாணிக்கரைசலாக ஒரு கடவம் சாணி, கைப்பிடி சாம்பல். இப்படியே இடுப்பு உயரம் வரை. ஒரு இரும்புக்கம்பியை நடுவில் செருகி வைத்து, நான்காம் நாள் உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் சரி. சூடே இல்லை, உள்ளே காய்ந்தும் கிடக்கிறது என்றால் தண்ணீரும் சாணியும் போதவில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், ஒழுகக் கூடாது. மூக்கைப் பொத்த வைக்கும் மூத்திர நெடி வந்தால் தழையும் சாணியும் கூடிவிட்டது. சருகு சேர்க்க வேண்டும்.

கிளறும் நாளில்தான் வண்டு மாட்டும். வளைந்து சுருண்ட வெள்ளைப்புழு, தலை மட்டும் பழுப்பு. பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடலாம். புழுப்பருவம் மாதக்கணக்கில் நீளும். எனவே ஹோவர்டு சொல்கிற இரண்டு கிளறலைத் தவறாமல் செய்தால் வண்டாகி வெளியேறும் முன்பே பெரும்பாலானவை கையில் சிக்கும். அவர் இதற்காகக் கிளறச் சொல்லவில்லை, காற்றுக்காகச் சொன்னார். நமக்கு இரண்டும் நடக்கிறது. கூலியாள் கிடைக்காத ஊரில் கிளறுவதுதான் இந்த முறையின் சங்கடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஆங்கிலம் பழைய மாதிரி. ஹோவர்டு 1947-லேயே காலமாகிவிட்டதால் நம் நாட்டில் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. இந்தூர் முறை பற்றிய அத்தியாயத்தை மட்டும் படித்தாலே போதும்.

ஃபுகுவோகா நேர் எதிர். குவியலே வேண்டாம், வைக்கோலை வயலிலேயே பரப்பு என்கிறார். படிக்கும்போது நெஞ்சு நிறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இது ஜப்பானில் ஷிகொகு தீவின் நெல்லும் குளிர்காலத் தானியமும் மாறி மாறி விளையும் வயலில் பல ஆண்டு பழகி வந்த முறை. அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் அப்படியே விட்டபோது மரங்கள் கெட்டுப்போனதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு ‘ஒன்றும் செய்யாதே’ என்ற வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நம் தோட்டத்தில் அவரைத் தென்னந்தூரில் பயன்படுத்தலாம்: ஓலையும் சருகும் வட்டப்பாத்தியில் மூடாக்காய்க் கிடந்தால் கோடையில் ஈரம் நிற்கும், மழையில் செம்மண் அரித்துப் போகாது. காய்கறிப் பாத்தியில் அதே மூடாக்கைத் தடிமனாகப் போட்டால் மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தைக்கு வீடு கட்டிக் கொடுத்த கதைதான். இற்ற தென்னந்தடியையும் மூடாக்கோடு விட்டுவைக்காதீர்கள், காரணம் மேலே சொல்லியாயிற்று.

ஜீவன்ஸ் கணக்குக்காரர். நூறு சதுர அடிப் பாத்தி அவர் அலகு. நம் ஒரு சென்ட்டில் வழி விடாமல் பார்த்தால் நான்கு பாத்தி. மண்ணை இரண்டடி ஆழம் இளக்கச் சொல்கிறார். மணக்குடி, ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை மணலுக்கு அந்த உழைப்பே தேவையில்லை. தக்கலைச் செம்மண்ணிலோ ஓரடிக்குக் கீழ் சரளை தட்டும், மண்வெட்டி துள்ளும். அடிமண்ணை மேலே கொண்டுவந்தால் அது இன்னும் சத்துக் குறைந்த மண். எனவே தோண்டுகிற அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம். ஆனால் அவர் ஒரு விஷயத்தில் மற்ற இருவரையும் விட நேர்மை. நிலத்தில் 60 சதவீதம் தானியமும் எருவுக்கான தட்டையும் தரும் பயிர், 30 சதவீதம் கிழங்கு, 10 சதவீதம்தான் காய்கறி என்கிறார். எருவுக்கான பொருளையும் பயிராக வளர்க்க வேண்டும், வெளியிலிருந்து லாரியில் வாங்கினால் அது இன்னொருவர் நிலத்தின் சத்து என்பது அவர் வாதம். நம் ஊரில் தென்னையும் வேலிக் கிளைரிசிடியாவும் அந்த 60-இன் பெரும்பங்கைச் சும்மாவே தருகின்றன.

மண் பரிசோதனை செய்யச் சொல்பவரும் ஜீவன்ஸ்தான். மழை கழுவிய நம் செம்மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உள்ளது. அதில் மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் நிற்கும். எரு ஓரளவு உதவும், சுண்ணாம்பு எவ்வளவு வேண்டும் என்பதைச் சோதனைச்சீட்டு பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இட்டாலும் எருவோடு சேர்த்துக் கலக்காதீர்கள், சாணியின் தழைச்சத்து ஆவியாகிவிடும். சில வாரம் முன்னதாகவே மண்ணில் கலந்துவிட வேண்டும்.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் என்றால் ஹோவர்டு. இரண்டாவதாக ஜீவன்ஸ், அதுவும் காய்கறிப் பாத்தி போடுகிறவருக்கு மட்டும். ஃபுகுவோகாவை முதல் குவியல் எருவான பிறகு படியுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்ததும் ஜனவரியில் அடுக்கினால், ஏப்ரலில் எரு கையில் இருக்கும். இடவப்பாதிக்கு முன்பு மரச்சீனி நடவுக்கு அதுவே தாராளம்.