ஒரு ஸ்கேலா, நான்கு புள்ளியா?

ராயபுரத்தில் ஒரு குறுகிய சந்து வீடு. அதன் படிகளின் அளவைப் புகைப்படத்திலிருந்தே எடுக்கப் பார்த்தேன். படிக்கட்டைப் பக்கவாட்டில் படமெடுக்க ஒன்பது அடிக்கு மேல் பின்வாங்க இடமில்லை, அதுவும் சற்று கோணலாகத்தான்.

முதல் வழி எளிது. 12 அங்குல ஸ்கேலை நடுப்படியின் பக்கவாட்டில் ஒட்டினேன். படத்தில் அது 240 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 20. அந்தப் படியின் உயரம், அதாவது ரைசர், 140 பிக்சல், எனவே 7 அங்குலம். கால் வைக்கும் ஆழம், அதாவது டிரெட், 200, எனவே 10. சரி. ஆனால் கேமராவுக்கு அருகிலுள்ள கீழ்ப்படி 7.8 என்றும் மேல்படி 6.2 என்றும் வந்தன. இப்படி ஒரே சீராகக் குறைந்தால் பிழை கொத்தனாருடையது அல்ல, கோணத்துடையது. ஸ்கேலைப் பின்சுவரில் ஒட்டினால் இன்னும் மோசம். படிக்கட்டின் அகலம் 3 அடி என்றால், ஸ்கேல் அவ்வளவு தள்ளிப்போய்ச் சிறிதாகத் தெரியும்; அதனால் 7 அங்குல ரைசர் 9 அங்குலத்துக்கு மேல் காட்டும்.

இரண்டாவது வழியில், படிக்கட்டின் பக்கச்சுவரிலேயே 4க்கு 3 அடிச் செவ்வகம் சாக்பீஸால் வரைய வேண்டும். மூலைவிட்டம் 5 அடி வந்தால்தான் அது செவ்வகம். படத்தில் அதன் நான்கு மூலைகளையும், நேரான 4க்கு 3 செவ்வகத்தில் அவை வர வேண்டிய நான்கு புள்ளிகளையும் OpenCV என்ற நிரல் நூலகத்தின் `getPerspectiveTransform`-க்குக் கொடுத்து, கிடைக்கும் அணியைக் கொண்டு `warpPerspective`-ஆல் படத்தை நேராக்கலாம். பிறகு எல்லா ரைசரும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். செவ்வகத்தை விட்டு விலக விலகப் பிழை கூடும், அதனால் பெரிதாக வரையுங்கள்.

நேராக நின்று எடுக்க முடிந்தால் ஸ்கேலே போதும். சந்தில் எனக்கு இரண்டாவதுதான். படிகளின் எண்ணிக்கைக்கு மட்டும் இரண்டையும் நம்பவில்லை: தளத்துக்குத் தளம் டேப்பில் 119 அங்குலம், 7-ஆல் வகுத்தால் 17 ரைசர், மேல்தளத்தைச் சேர்க்காமல் 16 டிரெட்.