தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சை எழுத்தாக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் எடுத்த பேட்டிகளை எழுத்தாக்கித் தரச் சொல்லி ராமநாதபுரத்தில் ஒருவரிடம் கொடுத்து ஏமாந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். இதே வேலையை யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்களுக்கு அது போதும்.

மொத்தம் 11 பதிவுகள், 560 நிமிடம். "ஆள் உட்கார்ந்து கேட்டு அடிப்பார்கள், நிமிடத்துக்கு 25 ரூபாய்" என்று சொன்னார். 14,000 ரூபாய்க்குப் பாதி முன்பணம் கொடுத்தேன். மூன்றாம் நாளே எல்லாம் வந்துவிட்டது. மூன்று கோப்புகள் தமிழில் இருந்தன. எட்டு கோப்புகள் முழுக்க ஆங்கிலம், அதுவும் பிழையில்லாத, நிறுத்தக்குறியெல்லாம் போட்ட ஆங்கிலம். கேட்டதற்கு, "கலந்து பேசியிருக்காங்க சார், அப்படித்தான் வரும்" என்றார்.

அந்த அக்காக்கள் பேசுவது தமிழ்தான். நடுவில் லோன், சப்சிடி, பர்மிஷன், ஐடி கார்டு என்று வரும், அவ்வளவுதான். நான்காவது பதிவில் ஒரு அக்கா சொன்னது இது: "சோழகம் அடிச்சா பாசிக்குப் போறதில்ல. பெப்சி பாசி கட்டுறவங்களுக்கு லோன் உண்டு, சப்சிடி உண்டு. முங்கி எடுக்கிற எனக்கு ஐடி கார்டே இல்ல தம்பி." மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கும் பாசிக்கு இங்கே பெப்சி பாசி என்றுதான் பேர். அந்த நிறுவனம் ஒரு காலத்தில் மண்டபம் பக்கம் அந்த வளர்ப்பைத் தொடங்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர். வந்த ஆங்கிலத்தில் சோழகக் காற்று இல்லை. பெப்சி கம்பெனி கடனும் மானியமும் தருகிறது, எனக்கு ஐடி கார்டு இருக்கிறது என்று இருந்தது. அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அக்கா, "என்ன தம்பி, நான் இப்படியா சொன்னேன்?" என்று கேட்டார். எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐடி கார்டு இல்லை என்பதைச் சொல்லத்தான் அவர் அன்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆள் அடிக்கவில்லை என்பது இரண்டு விதத்தில் தெரிந்தது. யாரும் பேசாமல் காற்றும் எஞ்சின் சத்தமும் மட்டும் இருந்த இடங்களில் 'தேங்க் யூ ஃபார் வாட்சிங்' என்று ஒரு வரி இருந்தது. சின்னப்பாலம் கரையில் அதை யார் சொல்லியிருப்பார்கள்? அமைதியான இடத்தில் இப்படி இல்லாத வரியைப் போடுவது விஸ்பர் என்ற பேச்சறி கருவிக்கு உள்ள பழக்கம். அப்புறம் அவர் அனுப்பிய ஃபோல்டரிலேயே அந்தக் கருவி தானாகப் போடும் `.json` கோப்புகளையும் அழிக்காமல் விட்டிருந்தார். அதில் எந்த மொழி என்று வைத்து ஓட்டியது என்பது பதிவாகியிருக்கும். எட்டில் `"language": "en"`, மூன்றில் `"language": "ta"`.

ஏன் எட்டும் மூன்றும் என்று பதிவுகளைத் திரும்பக் கேட்டபோதுதான் காரணம் பிடிபட்டது. மொழியைச் சொல்லாமல் ஓட்டினால் விஸ்பர் முதல் 30 விநாடியை மட்டும் கேட்டு இது என்ன மொழி என்று முடிவு செய்கிறது. அந்த முடிவுதான் ஒரு மணி நேரப் பதிவின் கடைசி வரை செல்லும், நடுவில் திரும்பிப் பார்க்காது. எட்டு பதிவுகளின் தொடக்கத்தில் நான் ஆங்கிலத்தில் பதிவு எண், ஊர், தேதி, ஒப்புதல் வாங்கிய விவரம் எல்லாம் சொல்லியிருந்தேன். அக்கா வாய் திறக்கும்போது நாற்பது விநாடி ஆகிவிட்டது. மூன்றில் மட்டும் நேரே பேச்சைத் தொடங்கியிருந்தேன்.

ஆங்கிலம் என்று முடிவான பிறகு தமிழைக் கேட்டால் அது தடுமாறி நிற்காது, பிழை என்றும் சொல்லாது. மொழிபெயர்க்கவும் பழக்கப்பட்ட கருவி என்பதால் தமிழ்ப் பேச்சைத் தனக்குப் புரிந்த அளவில் ஆங்கில வாக்கியமாக்கிப் போடும், புரியாத இடத்தை யூகித்து நிரப்பும். கொச்சையாக வந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். இது சரளமாக வருவதால்தான் ஆபத்து. பேசியவருக்கு ஆங்கிலம் தெரியாது, படிப்பவருக்கு ஒலிப்பதிவு கிடைக்காது.

நான் பிறகு எல்லாவற்றையும் தமிழ் என்று கட்டாயப்படுத்தி ஓட்டினேன்:

```
whisper pathivu04.wav --model large-v3 --language ta --task transcribe --condition_on_previous_text False
```

`transcribe` என்றால் பேசிய மொழியிலேயே எழுதும். அந்த இடத்தில் `translate` என்று இருந்தால் தமிழ் என்று சொல்லியும் ஆங்கிலம்தான் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி அமைப்பு, முந்தைய பகுதியில் எழுதியதை அடுத்த பகுதிக்கு எடுத்துச் செல்லாமல் தடுக்கிறது. அதைப் போடாதபோது இரைச்சல் மிகுந்த இடத்தில் ஒரே வரி பத்துப் பதினைந்து தடவை திரும்பத் திரும்ப வந்தது.

இந்த அமைப்பில் தமிழ் வாக்கியம் தமிழாகவே வந்தது. நடுவில் வரும் சப்சிடியும் லோனும் பெரும்பாலும் தமிழ் எழுத்தில் வந்தன, சில இடத்தில் ஆங்கில எழுத்தில். இரண்டு விதமாகவும் தேடித் திருத்த வேண்டியிருந்தது. ஊர்ச்சொல் மட்டும் சரியாக வரவில்லை. மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை, சோழகம் மூன்றையும் ஒவ்வொரு இடத்திலும் கையால்தான் மாற்றினேன்.

ஒரு பதிவுக்கு இதுவும் ஒத்து வரவில்லை. அதில் ஓர் அதிகாரி நடுவில் பத்து நிமிடம் முழு ஆங்கிலத்தில் விதிகளை விளக்குகிறார். தமிழ் அமைப்பில் அந்தப் பத்து நிமிடம் அரைகுறைத் தமிழாக வந்தது. அதை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாக்கி `--language en` வைத்து ஓட்டியதும் சரியாக வந்தது. ஒரு வாக்கியத்துக்குள் வந்து போகும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் அமைப்பு போதும். நிமிடக் கணக்கில் ஆங்கிலம் ஓடினால் வெட்டத்தான் வேண்டும். `ta-IN`, `en-IN` என்று இரண்டு மொழியைப் பட்டியலில் கொடுக்கும் வசதி வேறு சில கருவிகளில் உண்டு. அதை நம்பி யாராவது உறுதி கொடுத்தால், ஒரே வாக்கியத்துக்குள் மாறும் பேச்சில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவற்றில் பல, ஒரு பேச்சுத் துண்டுக்கு ஒரு மொழியைத்தான் தேர்ந்தெடுக்கும்.

வேலை கொடுக்கும் முன் மொழியை என்னவாக வைத்து ஓட்டுவீர்கள் என்று கேளுங்கள். "ஆட்டோ" என்று பதில் வந்தால் கொடுக்காதீர்கள். `.json` கோப்பும் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கைக்கு வந்ததும் 'இல்லை', 'மாட்டோம்', 'போகல' என்று முடியும் ஐந்தாறு வாக்கியங்களையும், எண் வரும் சில இடங்களையும் ஒலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு முதலில் உடைந்தது அங்கேதான்.

மீதி 7,000 ரூபாயை நான் கொடுக்கவில்லை, முன்பணத்தை அவரும் திருப்பித் தரவில்லை. ஒன்பது பதிவுகளை ஒலியோடு வைத்துத் திருத்திவிட்டேன். நான்காவதைப் போன வாரம் சின்னப்பாலத்தில் அந்த அக்காவிடமே வாசித்துக் காட்டினேன். ஐடி கார்டு வரியில் நிறுத்தி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.