மணல், ஜல்லி, கரி: மொட்டை மாடி மழைநீர் வடிகட்டியோடு சில மழைக்காலங்கள்

ராமநாதபுரம் பக்கம் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்வது எங்கள் வீட்டில் கட்டாயம். மாடிக் குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வடிகட்டியாக வைத்துச் சில மழைக்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

டிரம்மின் அடியில் வெளிக்குழாய். அதை மூடுகிற அளவுக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி அரை அடி, அதன்மேல் முக்கால் இன்ச் ஜல்லி நாலு விரல் உயரம். அப்புறம் ஒரு நைலான் வலை, அரை அடி கரி, மறுபடி வலை, அதன்மேல் ஒரு அடி மணல். மேலிருந்து விழும் தண்ணீர் மணலில் குழி பறிக்காமல் இருக்க உச்சியில் கொஞ்சம் கூழாங்கல். வலை இல்லாவிட்டால் மணல் மெல்ல ஜல்லிக்குள் இறங்கிவிடும், கரி மேலே மிதந்து வந்துவிடும்.

வேலை அதிகம் பிடிப்பது மணலைக் கழுவுவதுதான். ஒரு பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் உட்காரும், அதன்மேல் வண்டல் தனிப் படலமாகப் படியும். அந்தப் படலம் தெரியாமல் போகும் வரை கழுவ வேண்டும். எம்-சாண்டில் கல்தூள் அதிகம், அதைக் கழுவி முடிவதற்குள் ஆற்று மணலை இரண்டு தடவை கழுவிவிடலாம். கரிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சீமைக்கருவேல மூட்டக்கரியை விரல்நுனி அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து, கறுப்பு போகக் கழுவிப் போட்டேன்.

பலன் கண்ணுக்குத் தெரியும். கலங்கி வரும் தண்ணீர் தெளிந்து வெளியேறுகிறது. இலை, தூசி, பாசித் துணுக்கு எல்லாம் மணலின் மேல் ஓரிரு அங்குலத்திலேயே நின்றுவிடும். தண்ணீர் இறங்குவது மந்தமானால் அந்த மேல்மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போட்டால் போதும். இலை ஊறிய வாடையையும் இளமஞ்சள் நிறத்தையும் கரி ஓரளவு இழுத்துக்கொள்கிறது. ஆனால் மூட்டக்கரி கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் அல்ல. அதன் நுண்துளைகள் குறைவு, சீக்கிரம் நிறைந்துவிடும். அடுத்த மழைக்காலத்துக்குப் புதுக் கரிதான்.

கிருமி விஷயம் வேறு. தண்ணீரில் மலக்கிருமிக் கலப்பு இருந்தால் கறுப்பாக மாறும் சோதனைப் பாட்டில் (எச்2எஸ் பாட்டில்) கிடைக்கிறது. மாடியில் காக்காயும் புறாவும் உட்காருகிற வீடு எங்களுடையது. வடிகட்டாத தண்ணீர் ஒன்றில், வடிகட்டியது ஒன்றில், வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆறவைத்தது ஒன்றில் ஊற்றி வைத்தேன். முதல் இரண்டும் கறுத்துவிட்டன. கொதிக்கவைத்தது அப்படியே இருந்தது.

"மணல் கிருமியைப் பிடிக்கும்" என்று பலர் சொல்வது பொய் இல்லை, ஆனால் அது மெதுமணல் வடிகட்டியைப் பற்றியது. அதில் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்ப் படலம் ஒன்று வளர்ந்து கிருமிகளைத் தின்கிறது. அந்தப் படலம் உண்டாக வாரக்கணக்கில் மணல் நனைந்தே இருக்க வேண்டும், தண்ணீரும் மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வேகத்தில்தான் இறங்க வேண்டும். என் டிரம்மின் பரப்புக்கு அது மணிக்கு 25 முதல் 50 லிட்டர். 500 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 3 சென்டிமீட்டர் மழை பெய்தால் வருவது சுமார் 1,400 லிட்டர்! அந்த வேகத்தில் மணல் வெறும் சல்லடைதான். மழை விட்டு மணல் காய்ந்தால் படலமும் செத்துப்போகும். கரியும் கிருமியைக் கொல்லாது. ஈரமாகவே கிடக்கும் பழைய கரியில் கிருமி பெருகவும் செய்யும். டிரம்மைத் திறக்கும்போது அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே தண்ணீர் தேங்கிக் கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"தம்பி, இதுல எங்க போர் தண்ணிய ஊத்துனா உப்பு போயிடுமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஒரு குடம் ஊற்றியே பார்த்தோம். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் உள்ளே போனபோது 1,900, வெளியே வந்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். கரைந்த உப்பை மணலும் கரியும் பிடிக்காது. ஃபுளோரைடு, நைட்ரேட்டும் அப்படித்தான். தர்மபுரி மாதிரி ஃபுளோரைடு உள்ள ஊரில் போர் தண்ணீரை இதில் ஊற்றிக் குடித்தால், தெளிவாகத் தெரிகிற அதே ஃபுளோரைடு தண்ணீரைத்தான் குடிப்பார்கள். மழைநீரில் உப்பு குறைவாக இருப்பது அதன் இயல்பு, வடிகட்டியின் வேலை அல்ல. அதனால் மழைநீரில் மீட்டர் காட்டும் குறைந்த எண்ணை வைத்துச் சுத்தமான தண்ணீர் என்று முடிவு கட்டக் கூடாது. அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். புரட்டாசியில் மாடியைக் கூட்டிக் கழுவி, மணலை அலசி, கரியை மாற்றுவோம். முதல் மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்பிவிடுவோம். மழை விட்டதும் டிரம்மின் அடிக்குழாயைத் திறந்து முழுக்க வடியவிடுவோம். துவைக்க, குளிக்க, உலையில் ஊற்றத் தொட்டித் தண்ணீர் அப்படியே போகும். குடிக்கிற தண்ணீரை மட்டும் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்துக் குழாய் வைத்த பானைக்கு மாற்றுகிறோம்.