இரண்டு கோடு தெரிந்தால் முட்டை வெளிவந்துவிட்டது என்று அர்த்தமில்லை

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்தில் இருக்கிறவர்கள் கவனியுங்கள். அங்கே ஒரு மெடிக்கல் ஷாப்பில் முட்டை வெளிவரும் நாளைக் கணிக்கச் சிறுநீரில் சோதிக்கும் ஓவுலேஷன் கிட்டைப் பெட்டியில்லாமல் உதிரி ஸ்ட்ரிப்பாக விற்கிறார்கள். விளக்கத்தாள் தருவதில்லை. "கர்ப்ப டெஸ்ட் மாதிரிதான், ரெண்டு கோடு வந்தா முட்டை வந்துருச்சு" என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். சொல்வது தவறு.

அந்த ஸ்ட்ரிப் தேடுவது முட்டையை அல்ல, அதை வெளியிடச் சொல்லி மூளை அனுப்பும் எல்.எச். என்ற ஹார்மோனை. அது சிறுநீரில் எல்லா நாளும் கொஞ்சம் இருக்கும் என்பதால் மங்கலான இரண்டாவது கோடு எப்போது வேண்டுமானாலும் வரலாம். டெஸ்ட் கோடு பக்கத்திலுள்ள கண்ட்ரோல் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ வந்தால்தான் ஹார்மோன் ஏறிவிட்டது என்று கணக்கு. ஏறத் தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். தாளில் குறித்த நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காய்ந்த ஸ்ட்ரிப்பில் பிறகு தெரியும் கோட்டை நம்பக்கூடாது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சோதித்தால் ஏற்றம் இருந்தும் கோடு மங்கிப்போகும்.

அந்தக் கடையில் வாங்கிய ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் 35 நாளிலும் வரும், 50 நாளிலும் வரும். சினைப்பையில் நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 12-ஆம் நாள் முதல் 18-ஆம் நாள் வரை தினமும் இரண்டு கோடும் ஒரே அடர்த்தி. கடைக்காரர் "நல்ல அறிகுறி" என்று சொல்லி இன்னும் ஸ்ட்ரிப் விற்றார். உண்மையில் அத்தனை நாள் தொடர்ந்து அடர்த்தியாக வருவதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். இயல்பான ஏற்றம் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். நீர்க்கட்டி உள்ள பலருக்கு எல்.எச். அடிப்படையிலேயே கூடுதலாக இருக்கும். சில நேரம் ஏறும், ஆனால் முட்டை வளரும் சிறு பை முதிர்ந்திருக்காது. மூளை உத்தரவு போட்டதைத்தான் கிட் காட்டும், உத்தரவு நிறைவேறியதா என்று அதற்குத் தெரியாது. ஏற்றம் சரியாக வந்தும் பை வெடிக்காமல் போவதும் உண்டு.

முட்டை வந்ததா என்று உறுதிப்படுத்த அந்தப் பை வளர்ந்து வெடிப்பதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும், அல்லது வந்ததாக நினைக்கும் நாளிலிருந்து ஏழாம் நாள் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் பார்க்க வேண்டும். அது 3 ng/mL-க்கு மேல் இருந்தால் பொதுவாக வெளிவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

சிகிச்சையில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். முட்டைப் பை வெடிக்கப் போடும் எச்.சி.ஜி. ஊசியின் மருந்து எல்.எச். போலவே அமைந்தது. அதனால் ஊசிக்குப் பிறகு பல நாள் ஸ்ட்ரிப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். க்ளோமிஃபீன் சாப்பிடுபவர்கள் கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று நாளாவது விட்டுத்தான் சோதிக்க ஆரம்பிக்க வேண்டும்.

வாங்கும்போது சீல் உடையாத உறை, காலாவதித் தேதி, விளக்கத்தாள் மூன்றையும் பாருங்கள். தாள் மலையாளத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கேளுங்கள். பில் தர மறுத்தால் வாங்காதீர்கள்.